‘இரண்டு வாட்ச்’ சிறுகதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என்னுடைய ‘இரண்டு வாட்ச்’ கதையைப் படித்தவர்கள் பெரும்பாலும் கணக்குதான் கேட்கிறார்கள். கதை எழுதியவனுக்கு இது கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அந்தக் கதை கணக்கில்தான் நிற்கிறது என்பதால் கோபித்துக்கொள்ளவும் முடியாது. தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைக்கிறேன்.

நான் இன்னும் படிக்கவில்லை. என்ன கதை, நாலு வரியில் சொல்லுங்களேன்?

முருகேசன் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் தென்னையேறிக் கள் இறக்குபவன். அவனுடைய பெரியம்மா மகள் கோமதி பர்மிங்காமில் நர்ஸ். கோமதி கிளம்புவதற்கு முன் இருவரும் பொள்ளாச்சிக்குப் போய் ஒரே மாதிரி டயல் வாட்ச் ஆளுக்கொன்று வாங்குகிறார்கள். கோமதியின் வாட்சில் நம் ஊர் நேரம், முருகேசனின் வாட்சில் இங்கிலாந்து நேரம். அடுத்தவர் நேரம் எப்போதும் கையிலேயே இருந்தால் ஞாயிறுதோறும் வீடியோ காலில் அம்மிச்சியோடு, அதாவது இருவருக்கும் அம்மா வழிப் பாட்டியோடு, கோமதி பேசுவது தவறாது என்பது திட்டம். தவறுகிறது, அதுவும் இரண்டு தடவை. எப்படித் தவறியது என்பதுதான் கதை.

கசின்கள் என்கிறீர்கள், கதையில் அக்கா தம்பி என்று இருக்கிறதே?

இருவரின் அம்மாக்களும் உடன்பிறந்தவர்கள். அப்படியானால் எங்கள் பக்கம் அவர்கள் அக்கா தம்பிதான், வேறு பெயர் கிடையாது. கசின் என்று சொன்னது அட்டையில் நாலு வரி அறிமுகம் எழுதியவர். முருகேசன் காதில் அது விழுந்தால் யாரோ என்று நினைப்பான்.

போனில் எந்த ஊர் நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாமே. வாட்ச் எதற்கு?

பார்க்கலாம். போனின் கடிகாரத்தில் லண்டனைச் சேர்த்துவிட்டால் அதுவே எல்லாவற்றையும் சரியாகக் காட்டும். கதையும் இரண்டாம் பக்கத்தில் முடிந்துவிடும்.

ஆனால் நான் வாட்சை வலிந்து நுழைக்கவில்லை. தென்னையேறுபவன் காலை, மதியம், சாயங்காலம் என்று மூன்று வேளை மரத்தில் இருக்கிறான். இடுப்பில் அரிவாள், கலயம், பாளையைத் தட்டும் எலும்பு. போன் சட்டைப்பையில், சட்டை மரத்தடியில். மேலே இருப்பவனுக்கு நேரம் தெரிய வேண்டுமென்றால் கையில்தான் இருக்க வேண்டும்.

கோமதி பக்கம் நேர் எதிர். இங்கிலாந்து மருத்துவமனைகளில் நோயாளியைத் தொட்டு வேலை செய்பவர்கள் முழங்கைக்குக் கீழே வாட்சோ வளையலோ போடக்கூடாது. கை கழுவுவதற்கு இடைஞ்சல், கிருமி தங்கும் என்பது காரணம். அதனால் நர்ஸ்கள் சட்டையின் மார்புப் பக்கத்தில் ஊக்கு குத்தித் தொங்கவிடும் சின்ன வாட்சைப் பயன்படுத்துகிறார்கள். ஆக, பொள்ளாச்சி வாட்ச் வேலை நேரத்தில் கோமதியின் பையில் கிடக்கும், வீட்டுக்கு வந்தபின்தான் கையில் ஏறும். இந்தத் தொங்கும் வாட்ச் கதைக்கு எவ்வளவு முக்கியம் என்று கீழே வருகிறது.

முதல் ஞாயிறு ஏன் பேச முடியவில்லை? இரண்டு வாட்சும் சரியாகத்தானே ஓடியது?

வாட்ச் சரியாகத்தான் ஓடியது. இருவரும் மரியாதை பார்த்ததில் வந்த வினை.

2025 ஜனவரி 12, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு. “ஒன்பது மணிக்குக் கூப்பிடறேன்” என்று கோமதி எழுதுகிறாள். தம்பிக்கு எழுதுகிறோம், அவன் நேரத்தில் சொல்வதுதான் முறை என்று நினைத்து, கையில் இருக்கும் இந்திய நேரத்தைப் பார்த்து எழுதியது அது. வீட்டில் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும் ராத்திரி ஒன்பது. அவளுக்கு அப்போது பிற்பகல் 3.30, இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்திருப்பாள்.

முருகேசன் என்ன நினைத்தான்? அக்கா அங்கிருந்து சொல்கிறது, அங்கத்திய ஒன்பதாகத்தான் இருக்கும். தன் கையில் ஓடும் இங்கிலாந்து நேரத்தைப் பார்த்தான். அதில் காலை ஒன்பது என்றால் நம் ஊரில் மதியம் 2.30. அம்மிச்சிக்குப் புதுச்சேலை கட்டவைத்துத் திண்ணையில் உட்காரவைத்தான். அவனே இரண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தான். கோமதி போனை அமர்த்திவிட்டு நல்ல தூக்கத்தில் இருந்தாள். ராத்திரி ஒன்பதுக்கு அவள் கூப்பிட்டபோது இங்கே அம்மிச்சியும் தூங்கியாயிற்று, விடியுமுன் மரமேற வேண்டிய அவனும் தூங்கியாயிற்று.

பலர் இங்கே ஒரு கேள்வி எழுப்புகிறார்கள்: இரு ஊருக்கும் வித்தியாசம் ஐந்தரை மணி, கதையில் ஆறரை மணி தள்ளிப் போய்விட்டதே என்று. சரிதான். டயலில் காலை ஒன்பதுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் ஒரே முகம். ஒருவர் காலை ஒன்பதையும் மற்றவர் ராத்திரி ஒன்பதையும் எடுத்துக்கொண்டதால் பன்னிரண்டில் ஐந்தரை போக மீதி ஆறரை வந்தது. எண் முகம் கொண்ட வாட்சில் ஏ.எம்., பி.எம். தெரியும், டயலில் அது இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இருவரும் மரியாதையே இல்லாமல் அவரவர் ஊர் நேரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாலும் சந்தித்திருக்க மாட்டார்கள். ஒருவர் விட்டுக்கொடுத்து ஒருவர் பிடிவாதமாக இருந்திருந்தால் மட்டுமே பேசியிருப்பார்கள். ‘ஒன்பது’ என்ற வெறும் எண்ணோடு எந்த ஊர், காலையா ராத்திரியா என்ற இரண்டும் சேர்ந்திருந்தால் இதெல்லாம் வந்திருக்காது. அடுத்த தடவை முருகேசன் அதைத்தான் கேட்கிறான்: “எந்த ஊரு ஒம்போதுக்கா?”

பிப்ரவரியில் அம்மிச்சி அந்தத் தொங்கும் வாட்சைப் பார்த்து நம் ஊர் நேரம் சொல்கிறாரே, அது நடக்கக்கூடியதா, கற்பனையா?

நடக்கும். வீட்டில் டயல் கடிகாரம் இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம்.

மார்பில் தொங்கும் வாட்ச், அணிந்தவர் குனிந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்டது. அதனால் எதிரில் நிற்பவருக்கு 12 கீழேயும் 6 மேலேயுமாகத் தலைகீழாகத் தெரியும். பிப்ரவரி 2 அன்று இங்கிலாந்து நேரம் காலை 8.30க்கு, நம் நேரம் மதியம் 2.00க்குப் பேசுவதாக முடிவு. கோமதி வேலை முடிந்து உடை மாற்றும் அறையிலிருந்தே கூப்பிட்டுவிட்டாள். பத்து நிமிடம் கழித்து அவள் மார்பில் 8.40. அதாவது சிறிய முள் எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில், பெரிய முள் எட்டின் மேல். இதைத் தலைகீழாகப் பாருங்கள்: சிறிய முள் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில், பெரிய முள் இரண்டின் மேல். படித்தால் 2.10. அம்மிச்சி வீட்டுச் சுவர்க் கடிகாரமும் 2.10தான் காட்டுகிறது.

அம்மிச்சிக்கு எண் படிக்கத் தெரியாது, முள் நிற்கும் திசையை வைத்தே நேரம் சொல்பவர். அதனால் எண்கள் கவிழ்ந்து கிடப்பது அவருக்கு உறுத்தவில்லை. “புள்ள அத்தனை தூரம் போயும் நம்ம நேரத்தையே குத்தீட்டு இருக்குது பாரு” என்கிறார். கோமதி ஒன்றும் சொல்வதில்லை.

காரணம் எளிது. டயலைக் கவிழ்த்தால் இரண்டு முள்ளும் அரைவட்டம் நகர்ந்ததாகத் தெரியும். பெரிய முள்ளுக்கு அரைவட்டம் என்றால் முப்பது நிமிடம், சிறிய முள்ளுக்கு ஆறு மணி நேரம். நம் நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. அந்த அரை மணி இருப்பதால்தான் இந்த வித்தை பலிக்கிறது.

நான் செய்து பார்த்தேன். சில சமயம் ஒரு மணி நேரம் தப்பாக வருகிறது. உங்கள் கணக்கு தப்பா?

தப்பு இல்லை, ஆனால் நான் கதையில் 8.40ஐத் தேர்ந்தெடுத்ததில் கொஞ்சம் கள்ளத்தனம் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன்.

சிறிய முள் ஆறு மணி நேரத்துக்கு நகர்கிறது, நமக்கு வேண்டியதோ ஐந்தரை. அதனால் கவிழ்ந்த டயலில் சிறிய முள் எப்போதும் அரை மணி அளவு தள்ளியே நிற்கும். உண்மையான 2.10க்குச் சிறிய முள் இரண்டைச் சற்றே தாண்டியிருக்க வேண்டும். கோமதியின் வாட்சில் அது மூன்றை நெருங்கிக்கொண்டிருந்தது. கூர்ந்து பார்த்திருந்தால் அம்மிச்சிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

இங்கிலாந்து நேரம் எட்டரை தாண்டி ஒன்பதுக்குள் இருந்ததால் தப்பித்தோம். அதுவே 8.10ஆக இருந்தால்? கவிழ்த்தால் சிறிய முள் இரண்டைத் தாண்டியும் பெரிய முள் எட்டிலும் நிற்கும். பார்க்கிறவர் 2.40 என்பார். உண்மை 1.40. ஆக, அவர்கள் வாட்சைக் கவிழ்த்து நம் நேரம் படிக்கும்போது, மணியின் முதல் பாதியில் படித்தால் ஒரு மணி கூடிவிடும், பின்பாதியில் சரியாக வரும். நம் வாட்சைக் கவிழ்த்து அவர்கள் நேரம் படித்தால் இதற்கு மாறாக, முதல் பாதியில் சரி, பின்பாதியில் ஒரு மணி குறையும். நிமிடம் மட்டும் எந்நேரமும் சரியாக இருக்கும்.

இதுவும் குளிர்காலத்துக்கு மட்டுமே. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி தள்ளிவைக்கும் கோடைக் கணக்கு தொடங்கிவிட்டால் இதற்கு மேலும் ஒரு மணி நேரம் பிசகும்.

மார்ச் 30 அன்று என்ன ஆனது? அந்தப் பகுதி எனக்குப் புரியவே இல்லை.

அதைக் கதையில் விளக்காமல் விட்டது வேண்டுமென்றேதான். முருகேசனுக்கும் அன்று புரியவில்லை.

பிரிட்டனில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறு அதிகாலை ஒரு மணிக்குக் கடிகாரத்தை இரண்டு மணி என்று தள்ளிவைப்பார்கள். கோடையில் சாயங்கால வெளிச்சம் கூடக் கிடைக்கட்டும் என்று செய்வது. அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்ப ஒரு மணி பின்னால் இழுப்பார்கள். கோடையில் நமக்கும் அவர்களுக்கும் ஐந்தரை மணி அல்ல, நாலரை மணிதான் வித்தியாசம். இந்தியாவில் இப்போது இந்தப் பழக்கம் கிடையாது.

அன்று இரவு வேலையில் இருந்த கோமதிக்கு ஒரு மணி நேரம் குறைந்த ராத்திரி. மார்பு வாட்சை அங்கேயே திருத்திக்கொண்டாள். வழக்கம்போல் அவள் நேரம் 8.30க்குக் கூப்பிட்டாள். நம் ஊரில் அப்போது மதியம் 1.00. முருகேசன் கையில் இருந்த ‘இங்கிலாந்து’ வாட்சுக்கு இதெல்லாம் யாரும் சொல்லவில்லை, அது 7.30 காட்டியது. இன்னும் ஒரு மணி இருக்கிறது என்று அவன் மதியப் பாளை சீவ மரத்தில் இருந்தான். மரத்தடியில் சட்டைக்குள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவன் இறங்கி, குளித்து, அம்மிச்சியோடு இரண்டு மணிக்கு உட்கார்ந்தபோது அங்கே 9.30. நாற்பது நிமிடம் காத்திருந்துவிட்டு வீட்டுக்குப் போன கோமதி தூங்கிவிட்டாள்.

இப்படிப்பட்ட நாளைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. தப்பு சரியாக ஒரு மணி நேரமாக இருந்தால் கோடைக் கணக்குதான் காரணம். இரண்டு மூன்று நிமிடம் என்றால் வாட்ச் மெதுவாகவோ வேகமாகவோ ஓடுகிறது என்று அர்த்தம், சாதாரண பேட்டரி வாட்ச் மாதத்துக்குச் சில நொடி பிசகுவது வழக்கம். ஐந்தரையோ ஆறரையோ என்றால் ஜனவரியில் நடந்தது மாதிரி ஊர் குழம்பியிருக்கிறது.

முருகேசன் வாட்சை ஒரு மணி தள்ளிவைத்தால் முடிந்ததே. அதற்கு ஏன் அவ்வளவு பெரிய சண்டை?

கோமதி அதைத்தான் சொல்கிறாள். அவனும் தள்ளிவைக்கிறான். ஆனால் தள்ளிவைத்தால் வாட்ச்தான் சரியாகும், அவன் நாள் சரியாகாது. பேச்சு அவள் நேரம் 8.30 என்றே நிலைத்துவிட்டால், கோடை முழுக்க அவன் மதியம் ஒரு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டும். அது பாளை சீவும் வேளை. தென்னைக்கு மார்ச் கடைசி ஞாயிறு தெரியாது. வேளைக்குச் சீவாத பாளையில் கள் குறையும், தொடர்ந்து விட்டால் வடிவது நின்றே போகும். எங்கள் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்துக் கள் கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்கும் போகிறது. தினமும் வண்டி வந்து அளந்து எடுத்துப் போகும், அதற்கு ஞாயிறும் கிடையாது.

அதனால்தான் கடைசியில் பேச்சு நேரத்தை அம்மிச்சி வீட்டுச் சுவர்க் கடிகாரத்துக்குக் கட்டுகிறார்கள். மதியம் இரண்டு, நம் நேரம், எல்லா மாதமும். இரண்டில் ஒரு ஊர் கடிகாரத்தை மாற்றுகிறது, ஒரு ஊர் மாற்றுவதில்லை என்றால், மாற்றாத ஊரின் நேரத்தில் சொல்வதுதான் வேலைக்கு ஆகும். மாற்றுகிற ஊரில் இருப்பவருக்கு எப்படியும் மாற்றம் தெரிந்துவிடும், அவர் சரிசெய்துகொள்வார். விலை இல்லாமல் இல்லை. குளிர்காலத்தில் 8.30க்கு, வேலை முடிந்த கையோடு பேசிவிட்ட கோமதி, கோடையில் 9.30 வரை தூங்காமல் விழித்திருக்க வேண்டும். பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்தவளுக்கு அந்த ஒரு மணி நேரம் என்னவென்று இரவு வேலை செய்தவர்களுக்குத் தெரியும். முருகேசனுக்கு அது தெரியாது என்று சிலர் அவன்மேல் கோபப்பட்டு எழுதியிருந்தார்கள். தெரியாதுதான்.

கோமதியின் கையில் இருந்த பொள்ளாச்சி வாட்ச் மட்டும் கதை முழுக்க ஒரு தடவைகூடத் திருத்தப்படவில்லை. அதை இதுவரை ஒரே ஒருவர்தான் கவனித்துச் சொன்னார்.

அம்மிச்சி ‘பதிமூன்றே முக்கால்’ என்று முணுமுணுக்கிறாரே, அது என்ன?

நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. ஐந்தரை மணி என்றால் 330 நிமிடம். 24ஆல் வகுத்தால் பதிமூன்றே முக்கால். கோடையின் நாலரை மணிக்குப் பதினொன்றே கால். இரண்டும் இவ்வளவு வாகாகக் கால், முக்காலில் விழும் என்று எழுத உட்காரும்வரை எனக்கும் தெரியாது.

அம்மிச்சிக்குச் சுவர்க் கடிகாரத்தின் மேலும் முழு நம்பிக்கை இல்லை. “உச்சி சாயறதுக்கு முன்னாலயே இது பன்னெண்டு அடிக்குது” என்பார். அதில் நியாயம் இருக்கிறது. இந்திய நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிடப்பட்டது. எங்கள் ஊர் ஏறத்தாழ 76.8 பாகையில், அதற்கு மேற்கே. ஒரு பாகைக்கு நாலு நிமிடம் வீதம் எங்களுக்குச் சூரியன் உச்சிக்கு வர சராசரியாக 23 நிமிடம் தாமதமாகும், மாதத்துக்கு மாதம் அதுவும் கால் மணி நேரம்வரை முன்பின்னாகும். கிட்டத்தட்ட ஒரு நாழிகை. ஆக, கோமதி ஊர் நேரம், வீட்டுக் கடிகாரத்தின் நேரம், முற்றத்து நிழலின் நேரம் என்று மூன்று அவருக்கு.

துபாயில் இருக்கும் அண்ணனை வைத்து எழுதியிருந்தால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமாக இருந்திருக்குமே?

இருந்திருக்கும், எல்லா வீட்டிலும் ஒருவர் அங்கே இருக்கிறார். ஆனால் துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணிதான் வித்தியாசம், வருடம் முழுக்க மாறாது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் யாரும் யாரையும் கூப்பிடலாம். கதைக்கு வேண்டிய சிக்கல் அங்கே இல்லை.

கடைசிக் காட்சியில் அம்மிச்சி எட்டரை என்கிறாரே. மணி ஒன்பதரை ஆயிற்றே, அச்சுப்பிழையா?

இல்லை. ஏப்ரல் 6, நம் நேரம் மதியம் 2.00, அங்கே காலை 9.30. கோமதி வீட்டில், சீருடை இல்லாமல், பொள்ளாச்சி வாட்சைக் கையில் கட்டியிருக்கிறாள். “அம்மிச்சி, உங்க நேரம் இங்கதான் இருக்குது” என்று கையை மடக்கி டயலைத் திரைக்குக் காட்டுகிறாள். அப்படிக் காட்டினால் எதிரில் இருப்பவருக்கு 12 கீழே தெரியும். நீங்களே கண்ணாடி முன் நின்று பாருங்கள். சரியாக இரண்டு காட்டும் டயல் கவிழ்ந்தால், சிறிய முள் எட்டின் மேல், பெரிய முள் கீழே ஆறில்.

அம்மிச்சி அதை அவள் ஊர் நேரமென்று எடுத்துக்கொள்கிறார். முருகேசன் திருத்த வாயெடுக்கிறான், கோமதி அந்தப் பக்கத்திலிருந்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டுகிறாள்.

“எட்டரைதானே ஆச்சு கண்ணு,” என்கிறார் அம்மிச்சி. “இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குது. பேசு.”